4கே திரை இடையிடையே கறுத்துப்போனால்: கேபிளின் தாங்குதிறனைச் சோதித்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தர்மபுரி பகுதிகளில் உள்ள திருமண வீடியோ ஸ்டுடியோக்கள் பலவற்றில் ஒரே மாதிரியான அமைப்பைப் பார்க்கலாம். எடிட்டிங் கணினி உள்ளே ஏ.சி. அறையில் இருக்கும், மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் அமர்ந்து வீடியோவைப் பார்க்கும் பெரிய டி.வி. முன் அறையில் இருக்கும். இரண்டையும் சுவருக்குள் பதித்த பி.வி.சி. பைப் வழியாக ஒரு நீண்ட எச்.டி.எம்.ஐ. கேபிள் இணைக்கும். முன்பிருந்த முழு எச்.டி. டி.வி.யைக் கழற்றிவிட்டு 4கே டி.வி.யை மாட்டியதும் சிக்கல் தொடங்குகிறது. படம் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இரண்டு மூன்று நொடிகள் கறுத்துப்போய்த் தானாகத் திரும்பி வரும். சில சமயம் வெள்ளைப் புள்ளிகள் பொரிந்ததுபோல் தெறிக்கும். 'நேற்றுவரை இதே கேபிளில் நன்றாக ஓடியதே, புது டி.வி.யில்தான் கோளாறு' என்று கடையிலும் சர்வீஸ் ஆளிடமும் முறையிடுவார்கள். வந்து பார்க்கும் சர்வீஸ் ஆளோ தன் கையிலுள்ள சிறு கேபிளில் டி.வி.யை ஓட்டிக் காட்டி, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். டி.வி.யிலும் குறை இல்லை; பழைய டி.வி.க்கு அந்தக் கேபிள் சரியாகத்தான் வேலை செய்தது. மாறியது கேபிளின் மேல் ஏற்றப்பட்ட பாரம். எனவே முதலில் அந்தப் பாரத்தைக் கணக்கிட வேண்டும்.

பாரத்தைக் கணக்கிடுதல்

4கே திரையில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள் 3840 × 2160. ஆனால் கேபிளில் செல்லும் கணக்கு அதைவிடப் பெரியது. ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு பிரேமுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விடப்படுவதால், டி.வி.க்கான அளவீட்டில் மொத்தம் 4400 × 2250 ஆகிறது. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும்போது கணக்கு இப்படி வரும்.

```
4400 × 2250 × 60 = 594 MHz
594 MHz × 3 × 10 = 17.82 Gbps
```

இரண்டாவது வரியில் உள்ள 3 என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று தடங்களைக் குறிக்கிறது. 10 என்பது ஒரு நிறத்தின் 8 பிட் தகவல் கேபிளில் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதைக் குறிக்கிறது. 2013-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0-வின் உச்ச வரம்பு நொடிக்கு 18 ஜிகாபிட். அதாவது 4கே 60 ஹெர்ட்ஸ் படம், அந்தப் போர்ட்டின் வரம்பை ஏறக்குறைய விளிம்புவரை நிரப்பிவிடுகிறது.

பழைய முழு எச்.டி. டி.வி.க்கு இதே கணக்கைப் போட்டால் 148.5 மெகாஹெர்ட்ஸ்தான் வரும். சரியாக நான்கில் ஒரு பங்கு. ஆறேழு ஆண்டுகள் குறையின்றி ஓடிய கேபிள் திடீரென்று கெட்டுவிடவில்லை, அதன் மேல் நான்கு மடங்கு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. விளையாட்டுக்காக 2560 × 1440 அளவுள்ள 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, அதை எச்.டி.எம்.ஐ.யில் இணைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மானிட்டரின் தேவையும் ஏறத்தாழ 590 மெகாஹெர்ட்ஸை நெருங்குகிறது. கேபிளைப் பொறுத்தவரை அதுவும் 4கே 60-ம் ஒன்றே.

கேபிளிடம் யாரும் கேட்பதில்லை

இந்தக் கோளாறு ஏன் ஆளைக் குழப்புகிறது என்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. கேபிளைச் செருகியதும், தன்னால் எந்தெந்த அளவுகளைக் காட்ட முடியும் என்ற பட்டியலை டி.வி. கணினிக்கு அனுப்புகிறது. கணினி அந்தப் பட்டியலைத் தன் கிராபிக்ஸ் கார்டின் திறனோடு ஒப்பிட்டுப் பார்த்து, இருவருக்கும் பொதுவாக உள்ளவற்றை நமக்குத் தேர்வாகக் காட்டுகிறது. நடுவில் இருக்கும் சாதாரணத் தாமிரக் கேபிளிடம் 'உன்னால் இதைத் தாங்க முடியுமா' என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அதற்குள் ஒன்றும் இல்லை. எச்.டி.எம்.ஐ. 2.0 வரையிலான முறையில் கணினி சிக்னலை அனுப்பிவிடும். அது மறுமுனையில் எந்த நிலையில் போய்ச் சேர்கிறது என்று முன்கூட்டியே பரிசோதித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது.

ஆகவே நோயறிதலின் முதல் கேள்வி இதுதான்: வேண்டிய தேர்வு பட்டியலிலேயே இல்லையா, அல்லது பட்டியலில் இருந்தும் ஓடும்போது அறுபடுகிறதா? பட்டியலில் 4கே-க்கு 30 ஹெர்ட்ஸ் மட்டும் தெரிகிறது, 60 தெரியவில்லை என்றால், குறை போர்ட்டிலோ அமைப்பிலோ இருக்கிறது. 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 போர்ட்டின் வரம்பு 340 மெகாஹெர்ட்ஸ். அதில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் முழு நிறத்துடன் போகாது. மாறாக, 60 பட்டியலில் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் படமும் வருகிறது, ஆனால் இடையிடையே கறுக்கிறது என்றால், இரு முனைகளும் ஒப்புக்கொண்டுவிட்டன, நடுவழிதான் தாங்கவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கேபிளை மாற்றுவதும் கார்டை மாற்றுவதும் வீண் செலவில்தான் முடியும்.

வெள்ளைப் புள்ளிகளும் கறுப்பும் ஒரே நோயின் இரு நிலைகள். கேபிள் நீளமாகவும் உள்ளே இருக்கும் கம்பி மெல்லியதாகவும் இருந்தால், உயர் அதிர்வெண்ணில் சிக்னல் தேய்ந்து போகும். தேய்ந்த சிக்னலில் ஒன்றையும் பூஜ்யத்தையும் பிரித்தறிவதில் டி.வி. அவ்வப்போது தவறும், ஒரு புள்ளியின் நிறம் தவறினால் அது வெள்ளையாகத் தெறிக்கும். தவறுகள் பெருகி, பிரேம் எங்கே தொடங்குகிறது என்பதையே டி.வி. தவறவிட்டால், படத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு மீண்டும் சிக்னலைப் பிடிக்க முயலும். அந்த இரண்டு மூன்று நொடிகளைத்தான் நாம் கறுப்பாகக் காண்கிறோம்.

முதல் படி: உண்மையில் எது ஓடுகிறது என்று பார்த்தல்

விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Advanced display` என்ற இடத்துக்குச் சென்று, மேலே அந்த டி.வி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே `Desktop mode`, `Active signal mode` என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது நாம் தேர்ந்தெடுத்த அளவு. இரண்டாவது கேபிளில் உண்மையாகப் போய்க்கொண்டிருக்கும் அளவு. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அளவை 1080-க்குக் குறைத்த பிறகும், கிராபிக்ஸ் கார்டே படத்தைப் பெரிதாக்கி 4கே 60 ஆகவே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கேபிளின் பாரம் சிறிதும் குறைந்திருக்காது. 'அளவைக் குறைத்தும் கறுக்கிறது, ஆகவே கேபிள் காரணமில்லை' என்ற தவறான முடிவுக்கு அது நம்மைக் கொண்டுபோய்விடும். எனவே பின்வரும் சோதனைகள் அனைத்திலும் இரண்டாவது வரியை மட்டுமே நம்ப வேண்டும். அதே பக்கத்தில் `Bit depth`, `Color format` ஆகியவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது.

டி.வி.யின் மெனுவில் அந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்கென்று தனி அமைப்பு இருக்கும். கம்பெனிக்கு ஏற்ப அதன் பெயர் `Input Signal Plus`, `HDMI Ultra HD Deep Colour`, `Enhanced format` என்று மாறும். அது அணைந்திருந்தால், 4கே 60-ஐ நிறத் தகவலைச் சுருக்கிய வடிவில் மட்டுமே பெறுவேன் என்று டி.வி. சொல்லக்கூடும், அப்போது கறுப்பு வராது, ஆனால் கணினியின் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். டி.வி.யின் எல்லாப் போர்ட்டுகளும் ஒரே திறன் கொண்டவையாக இருக்க வேண்டியதில்லை என்பதால், கையேட்டைப் பார்த்து உயர்ந்த போர்ட்டையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் படி: பாரத்தை இறக்கிப் பார்த்தல்

இனி பாரத்தைக் குறைத்தால் கோளாறு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே பலர் ஒரு படி கீழிறங்கி 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள். அது பயன் தராது. டி.வி. அளவீட்டில் 50 ஹெர்ட்ஸுக்கு வரிகளுக்கிடையிலான இடைவெளி கூட்டப்படுவதால், 5280 × 2250 × 50 என்று அதுவும் 594 மெகாஹெர்ட்ஸிலேயே வந்து நிற்கிறது. எனவே நேராக 30 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்; அது 297. அளவை 4கே-யிலேயே வைத்துக்கொண்டு 30 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டியும் ஒருமுறைகூடக் கறுக்கவில்லை, 60-க்கு ஏற்றியதும் மீண்டும் கறுக்கிறது என்றால், தாங்குதிறன் பற்றிய ஐயம் பெருமளவு உறுதியாகிறது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் 60, 120, 144 என்று படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம். 60-இல் அமைதி, 120-இல் எப்போதாவது ஒரு கறுப்பு, 144-இல் அடிக்கடி என்று ஏறுமுகமாக வந்தால் கேபிளையே ஐயுற வேண்டும். எந்த வேகத்திலும் ஒரே அளவில் கறுத்தால் மின் இணைப்பு, தளர்ந்த சாக்கெட், டிரைவர் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். திரை கறுக்காமல், விளையாட்டின் வேகம் ஏறி இறங்கும்போது வெளிச்சம் மட்டும் துடிக்கிறது என்றால், அது மாறும் புதுப்பிப்பு வேகத்தால் வரும் வேறொரு சிக்கல். அதற்குக் கேபிளை மாற்றுவதால் தீர்வு கிடைக்காது.

மூன்றாம் படி: இடையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நீக்குதல்

கிருஷ்ணகிரியில் நான் பார்த்துச் சரிசெய்த ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொள்கிறேன். சுவருக்குள் 10 மீட்டர் கேபிள். இரு முனைகளிலும் சுவரில் பதித்த எச்.டி.எம்.ஐ. பிளேட், அவற்றிலிருந்து கணினிக்கும் டி.வி.க்கும் தனித்தனியாக ஒரு சிறு கேபிள். பார்ப்பதற்கு ஒரே இணைப்பு, ஆனால் சிக்னல் மூன்று கேபிள்களையும், வழியில் இரண்டு கூடுதல் இணைப்பிகளையும் கடந்து செல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு இணைப்பியிலும் சிக்னலின் ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கும், முழு எச்.டி.யில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த இழப்பு, 594 மெகாஹெர்ட்ஸில் முடிவைத் தீர்மானிப்பதாக மாறிவிடுகிறது.

முதலில் கணினியைக் கழற்றி முன் அறைக்கே கொண்டு வந்து, ஒன்றரை மீட்டர் கேபிளால் டி.வி.யோடு நேரடியாக இணைத்தோம். 4கே 60-இல் முழுத் திருமண வீடியோ ஒன்று ஓடி முடியும்வரை ஒரு புள்ளிகூடத் தெறிக்கவில்லை. கணினி, கார்டு, டி.வி. மூன்றும் குற்றமற்றவை என்பது இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிட்டது. டி.வி.யைத் தூக்க வேண்டியதில்லை. கணினியைத் தூக்குவது எளிது.

அடுத்து, கணினியைப் பழைய இடத்தில் வைத்து, இரு பிளேட்டுகளையும் ஒதுக்கிவிட்டு 10 மீட்டர் கேபிளை மட்டும் நேராக இணைத்தோம். புள்ளிகள் மிகவும் குறைந்தன. ஆனால் ஏ.சி.யின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் திரை கறுத்தது. இந்த அறிகுறியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மோட்டாரோ கம்ப்ரசரோ இயங்கத் தொடங்கும் கணத்தில் வயர்களில் ஒரு மின்னதிர்ச்சி பரவுகிறது. சிக்னல் வலுவாக இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும், விளிம்பில் இருந்தால் அந்தச் சிறு இடையூறே போதும். அந்தக் கணத்தில் டி.வி.யின் பவர் விளக்கு மாறாமல் படம் மட்டும் போய் வந்தால் கேபிளும், டி.வி.யே அணைந்து மறுபடியும் தொடங்கினால் மின் வழங்கலும் காரணம். அங்கே விளக்கு மாறவில்லை. அதே ஏ.சி. ஓட, 4கே 30-க்கு இறக்கியதும் கறுப்பு நின்றது. ஆக, ஏ.சி. கோளாறை உண்டாக்கவில்லை, கேபிளில் மிச்சம் எதுவும் இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

செலவில்லாத இடைக்கால வழி

புதுக் கேபிள் வரும்வரை, முகூர்த்த நாட்கள் நெருங்கிய நேரத்தில் ஸ்டுடியோவை மூடி வைக்க முடியாது. 30 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மவுஸ் இழுபடும், 60 பிரேமில் எடுத்த காட்சிகள் தட்டுத்தடுமாறும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. என்விடியா கார்டானால் அதன் கன்ட்ரோல் பேனலில் `Change resolution` பக்கத்தில் `Output color format` என்பதை `YCbCr420` என்று மாற்ற வேண்டும்; மற்ற கார்டுகளின் மென்பொருளிலும் இதற்கு ஈடான தேர்வு உண்டு. இந்த வடிவில் வெளிச்சத் தகவல் முழுமையாகவும், நிறத் தகவல் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவும் அனுப்பப்படுகிறது. இதனால் 4கே 60-இன் பாரம் சரிபாதியாகி, 297 மெகாஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது. அதாவது 4கே 30-ஐத் தாங்கிய கேபிள் இதையும் தாங்கும்.

இதில் இழப்பது என்ன? கணினியின் சிறு எழுத்துகளில், முக்கியமாக நீலப் பின்னணியில் வரும் சிவப்பு எழுத்துகளில், ஓரம் கலங்கித் தெரியும். ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் திருமண வீடியோ பெரும்பாலும் இதே 4:2:0 வடிவில்தான் பதிவாகியிருக்கும். ஆகவே வீடியோ பார்க்கும் அறையில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு எதுவும் இருப்பதில்லை. நிறம் திருத்தும் மானிட்டருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்; முன் அறை டி.வி.க்கு இதை நிரந்தரமாகவே வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

கேபிளை வாங்குவதும் பதிப்பதும்

கேபிள் உறையில் '2.0', '2.1' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. அந்த எண்கள் போர்ட்டின் தரத்துக்கு உரியவை. கேபிளுக்கு அவற்றை அடையாளமாக இடுவதை எச்.டி.எம்.ஐ. விதிகளே ஏற்பதில்லை. கேபிளுக்கான வகைகள் வேறு. 18 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது `Premium High Speed`. 48 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது `Ultra High Speed`. உறையில் அதற்கான சான்று ஒட்டி இருக்கும். அதை அதற்குரிய மொபைல் செயலியால் ஸ்கேன் செய்து உண்மைதானா என்று பார்க்கலாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் மொத்தமாக வாங்கி வருபவர்கள், கடையிலேயே நின்று இதைச் செய்துவிடுவது நல்லது. திரும்பப் போய் மாற்றி வருவது ஒரு நாள் வேலை.

நீளத்துக்கு ஏற்பக் கேபிளின் வகையும் மாற வேண்டும். சாதாரணத் தாமிரக் கேபிளில் முழு 18 ஜிகாபிட்டையும் கொண்டுசெல்ல ஏறத்தாழ 5 மீட்டர் வரை நம்பலாம். அதற்கு மேல் போனால், உள்ளே கண்ணாடி இழை கொண்ட ஆக்டிவ் ஆப்டிகல் கேபிளே நம்பகமானது. மின்சிக்னலை ஒளியாக மாற்றி அனுப்புவதால் 10 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. கம்ப்ரசரின் மின்னதிர்ச்சியும் அந்த இழையைப் பாதிக்காது. ஆனால் அது ஒருவழிக் கேபிள். ஒரு முனையில் `Source`, மறுமுனையில் `Display` என்று எழுதியிருக்கும். கணினிப் பக்கம் முதலாவதே வர வேண்டும். மாற்றிச் செருகினால் படமே வராது. ஆகவே பைப்புக்குள் இழுப்பதற்கு முன், தரையில் விரித்துப் போட்டு, இரு முனைகளையும் இணைத்து, 4கே 60-இல் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பதித்த பிறகு தெரியவந்தால் முழுவதையும் உருவ வேண்டியிருக்கும்.

அந்த ஸ்டுடியோவில் வேறொரு தடையும் வந்தது. சுவரில் இருந்தது முக்கால் இஞ்ச் பைப், கேபிளின் எச்.டி.எம்.ஐ. தலை அதன் வளைவுகளில் நுழையவில்லை. தலையைத் தனியே கழற்றி மாட்டும்படி வரும் ஆப்டிகல் கேபிளை வாங்கி, பழைய கேபிளின் நுனியில் கயிற்றைக் கட்டி உருவி, அந்தக் கயிற்றாலேயே புதியதை இழுத்தோம். கண்ணாடி இழை என்பதால் எங்கும் கூர்மையாக மடங்க விடக் கூடாது. எல்போவில் சிக்கினால் பலமாக இழுக்காமல், மறுபக்கத்திலிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். சுவர் பிளேட்டுகளைத் திரும்பப் போடவில்லை. கேபிளின் தலைகள் நேராகக் கணினியிலும் டி.வி.யிலும் செருகப்பட்டன. அதன்பின் நிற வடிவத்தை மீண்டும் `RGB`-க்கு மாற்றி, ஏ.சி.யைப் பலமுறை நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். படம் அசையவில்லை.

டிஸ்பிளே போர்ட்டில் அறிகுறி மாறும்

டிஸ்பிளே போர்ட் இந்த விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. படம் அனுப்பும் முன் இரு முனைகளும் சோதனைச் சிக்னலை அனுப்பிப் பார்த்து, கேபிள் தாங்காவிட்டால் அடுத்த குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். எனவே அங்கே கேபிளின் பலவீனம், நேற்றுவரை பட்டியலில் இருந்த 144 ஹெர்ட்ஸ் இன்று காணாமல் போவதாகவும் வெளிப்படலாம். யு.எஸ்.பி. சி வழியாக ஹப் போட்டு இணைப்பவர்களுக்கு 4கே-யில் 30 மட்டுமே கிடைப்பது இன்னொரு வகை: நான்கு தடங்களில் இரண்டை யு.எஸ்.பி. தகவலுக்கு ஹப் எடுத்துக்கொள்வதால் வருவது அது. அதைக் கேபிள் மாற்றித் தீர்க்க முடியாது.

கேபிள் சரியான பின்னும் எஞ்சும் எல்லை

ஆப்டிகல் கேபிள் வந்த மகிழ்ச்சியில், ஸ்டுடியோக்காரர் 10 பிட் நிறத்தில் எச்.டி.ஆர். வீடியோவைக் காட்ட விரும்பினார். அவர் வாங்கியிருந்தது 48 ஜிகாபிட் கேபிள். ஆனால் அவருடைய பழைய கிராபிக்ஸ் கார்டில் இருந்தது எச்.டி.எம்.ஐ. 2.0 போர்ட். 8 பிட்டிலேயே 594-இல் நிற்கும் கணக்கு, 10 பிட் `RGB`-யில் கால் பங்கு கூடி 742.5 ஆகிறது, போர்ட்டின் வரம்போ 600. அதனால் அந்தத் தேர்வு பட்டியலிலேயே வரவில்லை. முன்பு சொன்ன முதல் கேள்வியின்படி, இது போர்ட்டின் எல்லை. அதற்குள்ளேயே ஒரு வழி இருந்தது: `YCbCr422` வடிவத்தில் 12 பிட் வரையிலான நிறமும் அதே 594 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கும். நிற வடிவத்தை அப்படி மாற்றியதும் எச்.டி.ஆர். ஓடியது. முழு `RGB`-யிலேயே 10 பிட் வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 2.1-இன் உயர்வேகம் கொண்ட கார்டு வேண்டும். அதை வாங்கும்போது '2.1' என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், எத்தனை ஜிகாபிட் என்று விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் உயர்வேகம் இல்லாத போர்ட்டுக்கும் அந்த எண்ணை இட விதிகள் இடம் கொடுக்கின்றன.